பதினொன்று என்ற விடையும் அழிக்கப்பட்ட பதின்மூன்றும்: சைதாப்பேட்டையில் ஓர் இயற்பியல் பாடவேளை

கல்விச் சமூகவியலில் முதுகலை மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில், பாடநூலில் இல்லாமலே பள்ளி கற்றுக்கொடுக்கும் பழக்கங்களைக் குறிக்கும் மறைமுகப் பாடத்திட்டம் ஓர் இயலாகவும் டியூஷன் வேறோர் இயலாகவும் வருவது வழக்கம். பள்ளிக்குள் நடப்பது முதல் இயலில் அடங்கிவிடும். பள்ளி விட்டபின் நடப்பது இரண்டாவதில் அடங்கிவிடும். இரண்டும் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகின்றன என்று ஒரு முடிவுரை எழுதப்படும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2023 ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சைதாப்பேட்டையை ஒட்டிய ஓர் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், பதினோராம் வகுப்புத் தமிழ்வழிப் பிரிவு ஒன்றின் இயற்பியல் பாடவேளைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தபோதுதான் அந்த இயல் பிரிப்பே தவறு என்று தெரிந்தது. டியூஷன் பள்ளிக்கு வெளியே நிற்கவில்லை. அது வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து, எது விளக்கப்பட வேண்டும், எது ஏற்கெனவே தெரிந்ததாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. அது நடந்த விதத்தை ஒரே ஒரு பாடவேளையைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

வகுப்பில் 44 பேர். அவர்களில் 27 பேர் இயற்பியலுக்கு டியூஷன் போனார்கள். பள்ளியையோ ஆசிரியையையோ மாணவியரையோ அடையாளம் காட்டும் விவரம் எதையும் தரப்போவதில்லை. இருவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருப்பதால், அவர்கள் உட்கார்ந்த இடத்தைக் கொண்டு ஒருத்தியை இரண்டாம் பெஞ்சு மாணவி என்றும் இன்னொருத்தியை ஐந்தாம் பெஞ்சு மாணவி என்றும் குறிப்பிடுகிறேன். இருவரும் பத்தாம் வகுப்பு வரை அதே பள்ளியில் அதே பிரிவில் படித்தவர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டாம் பெஞ்சு மாணவி 84, ஐந்தாம் பெஞ்சு மாணவி 81. இந்த இருவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மூன்று மதிப்பெண் இடைவெளியே காரணம்: ஜூன் மாதம் இவர்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றார்கள்.

பாடம் எந்த வரிசையில் வருகிறது

தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினோராம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் அலகு இயக்கவியல். ஜூனில் அளவீட்டைப் பற்றிய முதல் அலகு முடிந்ததும் ஜூலையில் அதைத் தொடங்குவார்கள். ஒரு பொருளின் நிலை நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதிலிருந்து அதன் திசைவேகத்தைக் கண்டுபிடிக்க, ஓர் அளவு ஒரு கணத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் வகைக்கெழு வேண்டும். ஆனால் வகைக்கெழு கணிதப் பாடநூலின் இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. இந்தப் பள்ளியில் அதை நடத்தியது டிசம்பரில். ஆக, ஒரு கருவி தேவைப்படும் நாளுக்கும் அந்தக் கருவி கற்பிக்கப்படும் நாளுக்கும் இடையே ஐந்து மாதம் இருக்கிறது. பாடநூலை எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. இயற்பியல் நூலிலேயே வகைக்கெழு அடங்கிய நுண்கணிதத்துக்கென்று சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைப் பொறுமையாக நடத்தினால் இரண்டு மூன்று பாடவேளை ஆகும்; நடத்தாமல் தாண்டினால் அலகு முழுவதும் ஆட்டம் காணும்.

டியூஷன் இந்த ஐந்து மாத இடைவெளியைத்தான் விற்கிறது. டியூஷன் என்றதும் பள்ளியில் புரியாததை மாலையில் மறுபடி சொல்லித்தருவது என்று நினைக்கிறோம். கீழ் வகுப்புகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். மேல்நிலை வகுப்பில் விற்கப்படுவது வேறு. ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, முடிவுகள் வருவதற்கு முன்பே, மே மாத விடுமுறையில் பதினோராம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் பெஞ்சு மாணவி போன இடம் பெரிய கோச்சிங் நிறுவனம் அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு நடத்துவது. ஒரு வேளைக்கு இருபது பேருக்கு மேல் இடமில்லை. இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து மாதம் 2,400 ரூபாய். மே மாதம் முழுவதும் அவர் இயற்பியல் நடத்தவில்லை. வகைக்கெழு காணும் வகையிடல், தொகையிடல், வெக்டர் ஆகிய மூன்றை மட்டும் நடத்தினார். எதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அனுபவமுள்ள ஆசிரியருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தின் கால அட்டவணை அனுமதிக்காத வரிசையை மொட்டை மாடி அனுமதித்தது.

வரிசையை முன்கூட்டியே ஓட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயரளவில் தொட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தி மதிப்பெண் குவித்ததால்தான், 2017–18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. இரு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும் நீட் தேர்வில் நம் மாணவர்கள் தடுமாறுவதும் அப்போது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பொதுத்தேர்வு வந்ததும் பதினோராம் வகுப்பைத் தாண்டிவிட முடியாமல் போனது. ஆனால் முன்கூட்டியே ஓடும் பழக்கம் போகவில்லை, பள்ளி ஆண்டிலிருந்து கோடை விடுமுறைக்கு இடம் மாறிக்கொண்டது.

ஐந்தாம் பெஞ்சு மாணவி ஏன் டியூஷன் போகவில்லை என்பதற்குப் பணம் ஒரு பாதிக் காரணம்தான். அவள் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டபோது இவர்களும் போனார்கள். அம்மாவுக்கு வீட்டு வேலை பழைய இடத்திலேயே இருந்ததால், மகளையும் பழைய இடத்துப் பள்ளியிலேயே சேர்த்தார். காலையில் இருவரும் ஒன்றாகப் பேருந்து ஏறுகிறார்கள். மாலையில் மகள் தனியாகத் திரும்புகிறாள். பயணம் ஒரு பக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல். மொட்டை மாடி வகுப்பு மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. அது முடிந்து பேருந்து பிடித்தால் வீடு சேர ஒன்பதைத் தாண்டும். “காசு எப்படியாவது பொரட்டிடலாம்மா, ஒம்போது மணிக்கு பஸ் ஸ்டாப்ல இருந்து பிளாக்குக்கு நடந்து வரணுமே, அதுக்கு யாரு கேரண்டி?” என்று அவளுடைய அம்மா என்னிடம் கேட்டார். டியூஷன் கட்டணத்தைக் குடும்ப வருமானத்தோடு ஒப்பிட்டு எழுதும் அட்டவணைகளில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது.

அந்தப் பாடவேளை

ஜூலை இரண்டாம் வாரம், மூன்றாம் பாடவேளை. ஆசிரியை கரும்பலகையில் ஒரு துகளின் நிலையை எழுதினார்: x = 2t² + 3t. x மீட்டரில், t வினாடியில். இரண்டாவது வினாடியில் திசைவேகம் என்ன என்பது கேள்வி. அவர் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் முன் மூன்று பெஞ்சுகளிலிருந்து ஒரே குரலாக, “டிஃப்ரென்ஷியேட் பண்ணணும் மிஸ், பதினொண்ணு மிஸ்” என்று பதில் வந்தது. ஆசிரியை, “கரெக்ட். 4t கூட்டல் 3, t-க்கு ரெண்டு போட்டா பதினொண்ணு. இதைக் கணக்குல விரிவா பாப்பீங்க” என்று சொல்லி மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார். கேள்வி தொடங்கியதிலிருந்து அடுத்த கணக்கு தொடங்கும் வரை ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு.

அந்த ஒன்றரை நிமிடத்தில் ஐந்தாம் பெஞ்சு மாணவி தன் நோட்டில் வேறொன்று செய்தாள். நான் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்ததால் பார்க்க முடிந்தது. t-க்கு 2 போட்டு 14 என்றும், 3 போட்டு 27 என்றும் கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 13 என்று எழுதினாள். கரும்பலகையில் 11 வந்ததும் ரப்பரை எடுத்து 13-ஐ அழித்தாள். அதற்கு மேலிருந்த இரண்டு வரிகளையும் அழித்தாள். பலகையில் இருந்த மூன்று வரிகளைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதிய 13 தவறான விடைதான். ஆனால் அது எந்த மாதிரித் தவறு என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வினாடிக்கும் மூன்றாவது வினாடிக்கும் இடைப்பட்ட சராசரித் திசைவேகம் அது. அதே வழியில் இடைவெளியை ஒரு வினாடியிலிருந்து பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், 2.1 வினாடியில் நிலை 15.12, 14-ஐக் கழித்து 0.1-ஆல் வகுத்தால் 11.2. நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 11.02. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 11-ஐ நெருங்குவதைப் பார்க்கலாம். அந்த நெருக்கத்தின் பெயர்தான் வகைக்கெழு. டிசம்பரில் கணக்கு ஆசிரியை வகைக்கெழுவை எங்கிருந்து தொடங்குவாரோ அங்கே இந்தப் பெண் ஜூலையில் தானாகவே போய் நின்றிருந்தாள். அவளிடம் “ஏன் மூன்றாவது வினாடியை எடுத்தாய், இன்னும் பக்கத்தில் ஒரு நேரத்தை எடுத்தால் என்ன?” என்று யாராவது கேட்டிருந்தால், இருபது நிமிடத்தில் வகுப்பு முழுவதும் அந்தப் பக்கங்களின் அடிப்படைக் கருத்தை எட்டியிருக்கும். கேட்பதற்கு வாய்ப்பே இல்லை. விடை முன்பே வந்துவிட்டது.

விடை சொன்னவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? இடைவேளையில் இரண்டாம் பெஞ்சு மாணவியிடமும் அவளுடைய தோழிகள் மூவரிடமும் பேசினேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றதற்கு, “பவரை முன்னாடி போடணும்க்கா, பவர்ல ஒண்ணு கொறைக்கணும்” என்று சரியாகச் சொன்னார்கள். அந்தப் பதினொன்று எதைக் குறிக்கிறது, இரண்டாவது வினாடி என்ற ஒரே கணத்தில் பொருள் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டபோது நால்வரில் இருவர், “பதினோரு மீட்டர்க்கா” என்றார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இரண்டாம் பெஞ்சு மாணவி மட்டும் கொஞ்சம் யோசித்து, “அந்த ஸ்பீடுலயே போனா அடுத்த செகண்டுல பதினோரு மீட்டர் போகும், ஆனா அது போகாது, ஸ்பீடு ஏறிக்கிட்டே இருக்கும்” என்றாள். அருமையான பதில். டியூஷன் போகிறவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்கிறவர்கள், போகாதவர்கள் எல்லாரும் சிந்திப்பவர்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. டியூஷன் கொடுத்த விதியை வகுப்பறை புரிதல் என்று எடுத்துக்கொண்டது, அங்கேதான் சிக்கல்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். பாடநூல் ‘வகைக்கெழு’ என்கிறது. முன் பெஞ்சுகள் ‘டிஃப்ரென்ஷியேட்’ என்கின்றன. ஆசிரியை பலகையில் dx/dt என்று எழுதுகிறார். இவை மூன்றும் ஒன்றையே குறிக்கின்றன என்பது ஐந்தாம் பெஞ்சு மாணவிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை dx/dt என்பதை அவள் பின்னமாக எண்ணி மேலும் கீழும் உள்ள d-ஐ அடித்துவிட முயன்றிருக்கிறாள். “யாரையாவது கேட்டிருக்கலாமே” என்றேன். “எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நான் மட்டும் கேட்டா கேவலமா இருக்கும்க்கா” என்றாள். வகுப்பில் டியூஷன் போகாதவர்கள் பதினேழு பேர். அவர்களில் நான் தனியாகப் பேசிய ஒன்பது பேரும், தெரியாதது தனக்கு மட்டும்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நிழலும் உருவமும்

மறைமுகப் பாடத்திட்டம் என்ற சொல்லாட்சி அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஜாக்சன் 1968இல் எழுதியதிலிருந்து பரவியது. வகுப்பறை என்பது கூட்டம், பாராட்டு, அதிகாரம் ஆகிய மூன்றோடும் வாழப் பழகும் இடம் என்றார் அவர். பாடநூலில் இல்லாத அந்தப் பழக்கமே எல்லாப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளும் பாடம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜீன் ஆன்யன் 1980இல் நியூ ஜெர்சியின் ஐந்து பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்து, தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளியில் வேலை என்பது படிப்படியாகச் சொன்னதைச் செய்வது என்றும், மேல்தட்டுப் பள்ளியில் அது யோசித்து முடிவெடுப்பது என்றும் வேறுபடுவதைக் காட்டினார். நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆன்யன் வழியைப் பின்பற்றி இரண்டு பள்ளிகளை ஒப்பிடுகின்றன: மாநகராட்சிப் பள்ளி ஒன்று, சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்று. ஒப்பிடத்தான் வேண்டும். ஆனால் அப்படி ஒப்பிடும்போது ஆசிரியர், பாடநூல், கட்டடம், கட்டணம் அனைத்தும் ஒரே சமயத்தில் மாறிவிடுவதால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. நான் பார்த்தது ஒரே அறை, ஒரே ஆசிரியை, ஒரே நூல், ஒரே கரும்பலகை. மாறியது மே மாதம் மட்டும்தான்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் மறைமுகமாகக் கற்பிக்கப்பட்டவை என்ன? வேகமாகச் சொல்வதே அறிவு என்பது ஒன்று. பாராட்டு எப்போதும் முதல் குரலுக்கே போனது. முதல் குரல் எங்கிருந்து அந்த விடையைக் கொண்டுவந்தது என்று எவரும் கேட்பதில்லை. தவறு என்பது அழிக்கப்பட வேண்டியது, பேசப்பட வேண்டியது அல்ல என்பது இன்னொன்று. இவை இரண்டும் எந்த வகுப்பிலும் நடக்கக்கூடியவை. மூன்றாவது, டியூஷன் நுழைந்த வகுப்புக்கே உரியது: உண்மையான கற்றல் வேறெங்கோ நடக்கிறது, பள்ளி என்பது அதைச் சரிபார்த்துக்கொள்ளும் இடம் என்ற பாடம். முன் பெஞ்சுகள் இதைச் சலிப்பாகக் கற்கின்றன. பின் பெஞ்சுகள் தம் குறையாகக் கற்கின்றன.

பள்ளி எதைக் கொடுக்காமலே எதிர்பார்க்கிறதோ அதைப் பெற்றுக்கொண்டு வருகிற பிள்ளைகளே அங்கே வெல்கிறார்கள் என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியேவின் வாதம். அவர் மனத்தில் இருந்தது வீட்டில் படிந்த மொழிநடையும் ரசனையும், தலைமுறையாக ஊறியவை. சைதாப்பேட்டை வகுப்பில் அதே வேலையைச் செய்தது மாதக் கட்டணத்துக்கு வாங்கப்பட்ட நான்கு வார வகையிடல். இரண்டாம் பெஞ்சு மாணவியின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். வீட்டில் இல்லாததை வெளியில் வாங்க முடியும் என்பது ஒரு வகையில் நம்பிக்கை தரும் செய்திதான், அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாங்கிய பண்டம் வகுப்பறைக்குள் போனதும் வாங்கியதாகத் தெரிவதில்லை. ‘நல்லாப் படிக்கிற பொண்ணு’ என்று பெயர் பெறுகிறது. இப்படி மூலம் மறைந்துபோவதைப் பூர்தியே சரியாகவே பிடித்திருந்தார்.

தனிப்பயிற்சியை நிழல் கல்வி என்று சொல்வது 1990களிலிருந்து ஆய்வாளர்களிடையே வழக்கம். கல்வி ஆய்வாளர் மார்க் பிரே யுனெஸ்கோவுக்காக எழுதியவை அதைப் பரப்பின. உருவம் மாறினால் நிழலும் மாறும் என்பது அந்த உருவகத்தின் பொருள்: பள்ளிப் பாடத்திட்டம் மாறினால் டியூஷனும் அதையொட்டி மாறும். இந்த வகுப்பில் திசை தலைகீழாக இருந்தது. மொட்டை மாடியில் மே மாதம் நடந்ததை ஒட்டி ஜூலையில் பள்ளி தன் வேகத்தை மாற்றிக்கொண்டது. நிழல் நகர்ந்த பக்கம் உருவமும் நகர்ந்தது.

ஆசிரியையின் பக்கம்

இதை ஆசிரியையின் அலட்சியம் என்று எழுதிவிடுவது எளிது, தவறும்கூட. அவர் டியூஷன் எடுப்பவர் அல்ல. காலை எட்டேகாலுக்கே பள்ளியில் இருப்பார். அந்தப் பாடவேளையைப் பற்றி நான் மெதுவாகக் கேட்டபோது அவர் சொன்னது: “இருபத்தேழு பேர் தெரியும்னு சொல்றப்ப நான் முதல்ல இருந்து ஆரம்பிச்சா அவங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க. பின்னாடி இருக்கறவங்க புரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தி நடத்தலாம். சொல்ல மாட்டேங்கறாங்களே. முதல் இடைத்தேர்வுக்குள்ள ரெண்டு யூனிட் முடிக்கணும். கேள்வித்தாள் எனக்காகக் காத்திருக்காதுங்க.” அவருடைய கணக்கில் குறை சொல்ல முடியாது. முன் பெஞ்சுகளின் குரலைக் கேட்டு வகுப்பின் நிலையை அவர் ஊகிக்கிறார். குரல் கொடுக்கிறவர்கள் அனைவரும் மே மாதம் படித்தவர்கள் என்பதால் ஊகம் தவறுகிறது. நாற்பத்து நான்கு பேர் இருக்கும் அறையில் குரலைத் தவிர வேறு அளவுகோல் அவரிடம் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் இடைத்தேர்வு விடைத்தாள்கள் வந்தபோது இந்தக் கதை அடுத்த கட்டத்துக்குப் போனது. ஐந்தாம் பெஞ்சு மாணவி வரையறைகளையும் இரண்டு மதிப்பெண் வினாக்களையும் நன்றாக எழுதியிருந்தாள். கணக்குகளைத் தொடவே இல்லை. மொத்த மதிப்பெண் தேர்ச்சியை ஒட்டி நின்றது. ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவள் பெயர் சேர்ந்தது. பட்டியலில் உள்ளவர்களுக்குக் காலையில் சிறப்பு வகுப்பு; அதற்காக அவள் வீட்டிலிருந்து ஆறேகாலுக்குக் கிளம்பத் தொடங்கினாள். அந்த வகுப்பில் கொடுத்தது ‘மினிமம் மெட்டீரியல்’ என்று பள்ளிகள் சொல்லும் சிறு தொகுப்பு: கட்டாயம் வரக்கூடிய ஐந்து மதிப்பெண் வருவித்தல்கள், புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள், சில வரையறைகள். கணக்குகள் அதில் இல்லை. அந்த ஆண்டு பதினோராம் வகுப்புக்கு இருந்த பொதுத்தேர்வில் எழுத்துத்தேர்வு 70 மதிப்பெண். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு அந்தத் தொகுப்பு போதும். ஆனால் கணக்கு இல்லாத இயற்பியலைக் கொண்டு நீட்டுக்கோ பொறியியலுக்கோ போக முடியாது. டியூஷனால் மறைக்கப்பட்ட ஒரு விளக்கம் தவறிப்போனதில் தொடங்கியது, ஒரு மாதத்துக்குள் வேறொரு பாடத்திட்டமாகவே மாறிவிட்டது. யாரும் அவளிடம் கணக்கு உனக்கு வராது என்று சொல்லவில்லை. உதவிதான் செய்தார்கள்.

அவளுக்கு இதனால் வந்த நற்பெயரையும் சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் இருப்பாள், ரெக்கார்டு நோட்டு முத்து முத்தாக இருக்கும், ஒரு நாளும் லீவு போடுவதில்லை. ஜாக்சன் சொன்ன காத்திருத்தலையும் அடங்கியிருத்தலையும் இந்த வகுப்பில் அவளைவிட நன்றாகக் கற்றவர் இல்லை. அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணும் அவளுக்குக் கிடைக்கும். வகுப்பில் ஏறத்தாழ எல்லாருக்கும் கிடைக்கும். பணிவுக்குப் பள்ளி தரும் கூலி அவ்வளவுதான்.

இந்தக் கதையை எவ்வளவு நம்பலாம்

டியூஷன் போகிறவர்களின் மதிப்பெண்ணையும் போகாதவர்களின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, வித்தியாசம் டியூஷனால் வந்தது என்று எழுதுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. டியூஷன் போகிறவர்கள் ஏற்கெனவே பல வகைகளில் முன்னால் இருப்பவர்களாக இருக்கலாம். அல்லது பின்தங்கியதால் அனுப்பப்படுபவர்களாகவும் இருக்கலாம். அதனால்தான் நான் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒரு கேள்வி கேட்கப்பட்ட நொடியிலிருந்து அது கைவிடப்படும் நொடி வரை என்ன நடக்கிறது என்பதைப் பின்தொடர்ந்தேன். என் நோட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று குறிப்புகள்: பதில் கேள்வி முடிவதற்கு முன் வந்ததா பின் வந்ததா, எந்தப் பெஞ்சிலிருந்து வந்தது, பதிலுக்குப் பிறகு விளக்கம் தொடர்ந்ததா நின்றதா. இயக்கவியல் அலகில் பதில் முந்தி வந்த இடங்களில் பெரும்பாலும் விளக்கம் நின்றது. முதல் அலகின் அளவீட்டுப் பிழைகள் பற்றிய பகுதியை மொட்டை மாடியில் நடத்தியிருக்கவில்லை. அங்கே முன் பெஞ்சுகளும் அமைதியாக இருந்தன, ஆசிரியை படிப்படியாக விளக்கினார், ஐந்தாம் பெஞ்சிலிருந்தும் இரண்டு முறை பதில் வந்தது. அதே ஆசிரியை, அதே மாணவியர், மூன்று வார வித்தியாசம். என் வாதத்துக்கு இருக்கும் வலுவான ஆதாரம் இந்த ஒப்பீடே.

பலவீனங்களும் உண்டு. ஒருவர் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருப்பதே முன் பெஞ்சுகளை அதிகம் குரல் கொடுக்க வைத்திருக்கலாம். முதல் வாரக் குறிப்புகளை நான் அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. டியூஷன் போகிறவர்கள் மிகக் குறைவாக உள்ள வகுப்பில் முன் பெஞ்சுக் குரல் ஆசிரியரை ஏமாற்றும் அளவுக்கு உரக்க இருக்காது. எல்லாரும் போகிற வகுப்பில் ஏமாற்ற ஆளிருக்காது. ஆக, நான் விவரித்த இயக்கம் பாதிக்கு மேற்பட்டோர் போய்ச் சிலர் விடுபடும் வகுப்புகளுக்கே பொருந்தும். சென்னையின் அரசு உதவி பெறும் பள்ளிகளில் அறிவியல் பிரிவு என்றால் அப்படிப்பட்ட வகுப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சட்டங்கள் இந்த இடத்தைத் தொடவில்லை என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. இங்கே எடுத்தவர் ஓய்வு பெற்றவர். ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் முன் கோச்சிங் மையங்களில் சேர்க்கக் கூடாது என்கின்றன. மே மாத வகுப்பு அந்தத் தேர்வு முடிந்த மறுவாரம் தொடங்குகிறது. மையம் என்பதற்கு ஐம்பது பேருக்கு மேல் வேண்டும் என்றும் அவை சொல்கின்றன; மொட்டை மாடி அந்த எண்ணிக்கையை எட்டாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் 2020ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் ஐந்தாம் பெஞ்சு மாணவிக்குப் பொருந்தாது.

டிசம்பரில் மறுபடி அந்தப் பள்ளிக்குப் போனேன். கணக்கு ஆசிரியை வகைக்கெழுவைச் சராசரி மாற்ற வீதத்திலிருந்து தொடங்கி, இடைவெளியைச் சுருக்கிச் சுருக்கி நடத்திக்கொண்டிருந்தார். முன் பெஞ்சுகளில் சிலர் வேறு பாடத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் பெஞ்சு மாணவி பாடவேளை முடிந்ததும் பழைய இயற்பியல் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, “அன்னிக்கு நான் பதிமூணு போட்டேனே அக்கா, அது இதுதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இயற்பியலில் அப்போது பத்தாம் அலகு, அலைவுகள், நடந்துகொண்டிருந்தது. காலைச் சிறப்பு வகுப்பு தொடர்ந்துகொண்டிருந்தது. தொகுப்பில் இரண்டாம் அலகிலிருந்து ஒரு வருவித்தல் இருந்தது, அதை அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.